கையுறை போட்ட கை எப்போது அழுக்குக் கை ஆகிறது?

கேள்வி: சின்னதாக ஒரு பிரியாணிக் கடை வைத்திருக்கிறேன். மாஸ்டர், ஒரு பையன், நான் என்று மூன்று பேர். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தபோது கிளவுஸ், தலைக்கு வலை, நகம், மோதிரம் எல்லாம் சொல்லிவிட்டுப் போனார். பையனுக்கு கிளவுஸ் வாங்கிக் கொடுத்தேன். காலையில் போட்டால் கடை மூடும்போதுதான் கழற்றுகிறான். நேற்று ஒரு வாடிக்கையாளர், "அதே கிளவுஸில் காசு வாங்கி, அதே கையால முட்டை வைக்கிறானே" என்று சத்தம் போட்டார். கிளவுஸ் போடுவது நல்லதா, இல்லையா? எந்த வேலைக்குப் போட வேண்டும்?

பதில்:

உங்கள் வாடிக்கையாளர் சொன்னது சரி. காலையில் போட்டு இரவு கழற்றும் கையுறை, அவ்வப்போது சோப்புப் போட்டுக் கழுவும் வெறுங்கையைவிட மோசமானது. கையுறை நல்லதுதான், ஆனால் உங்கள் கடையில் அது தேவைப்படும் வேலைகள் நாலைந்துதான். அந்த வேலை முடிந்ததும் கழற்றிக் குப்பையில் போட்டுவிட வேண்டும்.

கையுறை செய்வது ஒரே ஒரு காரியம். பையனின் தோலுக்கும் உணவுக்கும் நடுவில் ஒரு சுத்தமான பரப்பை வைக்கிறது. அந்தப் பரப்பு அழுக்கான ஒன்றை முதன்முதலாகத் தொடும்வரைதான் சுத்தம். பச்சைக் கோழி, பத்து ரூபாய் நோட்டு, ஃபிரிட்ஜ் கைப்பிடி, செல்போன், சொந்த மூக்கு என்று எதைத் தொட்டாலும் அதிலிருப்பது கையுறையில் ஒட்டும், அடுத்துத் தொடும் பொருளுக்குப் போகும். இதில் வெறுங்கைக்கும் கையுறைக்கும் வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. வெறுங்கையில் மசாலா ஒட்டினால் பிசுபிசுக்கும். எண்ணெய் பட்டால் வழுக்கும், கோழித் தண்ணீர் பட்டால் அருவருப்பாக இருக்கும். யாரும் சொல்லாமலே கை குழாய்ப் பக்கம் போய்விடும். கையுறைக்குள் இருக்கும் கைக்கு இது எதுவும் தெரியாது. தன் கை சுத்தமாக இருக்கிறது என்று பையன் உண்மையாகவே நம்புகிறான், அதனால் கழுவுவதில்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் ஆய்வாளர்கள் உணவக ஊழியர்களை வேலை நேரத்தில் கவனித்துப் பார்த்தார்கள். கை கழுவ வேண்டிய காரியம் ஒருவருக்கு மணிக்கு ஏறக்குறைய 9 முறை வந்தது. அதில் மூன்றில் ஒரு தடவைதான் கழுவும் முயற்சியே நடந்தது. கையுறை போட்டிருந்தபோது அது இன்னும் குறைந்தது. அங்கே மட்டும் இப்படி என்றில்லை. எந்தக் கடையில் அரைமணி நேரம் நின்று பார்த்தாலும் இதே கதைதான்.

இன்னொன்றையும் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். உணவில் கிருமி இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, வேலை செய்பவரின் உடம்பிலிருந்து. ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே நூற்றில் இருபது முப்பது பேருக்கு மூக்கில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா இருக்கும். கையில் சீழ் வைத்த காயம் இருந்தால் அதிலும் இருக்கும். கழிப்பறைக்குப் போய்விட்டுச் சரியாகக் கழுவாத கையில் நோரோ வைரஸோ டைஃபாய்டு கிருமியோ இருக்கலாம். இந்த வழியைக் கையுறை ஓரளவு அடைக்கிறது. இரண்டாவது வழி, ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு. பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியாக்கள் இருப்பது சாதாரணம். அது கை வழியாக, கத்தி வழியாக, இனிமேல் அடுப்பைப் பார்க்காத பொருளுக்குப் போகும். இந்த வழியைக் கையுறை அடைப்பதே இல்லை. கழற்றாத கையுறை அதைச் சுமந்துகொண்டு போகிறது.

உங்கள் பையனின் ஒரு காலை வேளையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். பத்தரை மணிக்குக் கையுறையோடு பச்சைக் கோழியில் தயிரும் மிளகாய்த்தூளும் பிசைகிறான். அண்டா ஏறியதும் கையுறையைத் தண்ணீரில் ஒரு அலசு அலசி, இடுப்புத் துண்டில் துடைத்துக்கொள்கிறான். இந்த இடத்திலேயே துண்டும் போயிற்று. பதினொரு மணிக்கு, வேகவைத்த அறுபது முட்டையையும் உரிக்க உட்காருகிறான். கோழித் தண்ணீர் பட்ட விரல்கள் ஒவ்வொரு முட்டையையும் முழுதாகத் தடவி, ஓடு எடுத்து, பேசினில் போடுகின்றன. அப்புறம் வெங்காயம் நறுக்கித் தயிர்ப்பச்சடி கலக்கிறான். அதையும் கையால்தான் பிசைகிறான். பன்னிரண்டு மணிக்குப் பார்சல் தொடங்குகிறது. காசு வாங்குகிறான், சில்லறை கொடுக்கிறான், கவரை வாயால் ஊதிப் பிரிக்கிறான், அதே விரலால் முட்டையை எடுத்து பிரியாணி மேல் வைக்கிறான்.

இதில் பிரியாணிக்கு ஒன்றும் ஆகாது. கோழி அண்டாவில் நன்றாக வெந்துவிடும். மாட்டிக்கொள்வது முட்டையும் பச்சடியும்தான், ஏனென்றால் இரண்டுமே மறுபடி சூடு பார்ப்பதில்லை. அதிலும் முட்டை ரொம்பவே மோசமான இடம். ஓடு உரித்த முட்டையின் மேற்பரப்பு ஈரமானது, புரதம் நிறைந்தது, நம் ஊர் வெயிலில் பேசினில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். 5 டிகிரிக்கு மேல் 60 டிகிரிக்குள் கிருமி பெருகும் என்பார்கள். மத்தியானச் சமையலறை அந்த வரம்பின் நடுவில் இருக்கிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஒட்டிய முட்டை சில மணி நேரம் அப்படியே கிடந்தால் அது நஞ்சைச் சுரந்துவிடும். பிறகு சூடாக்கினால் பாக்டீரியா சாகும், நஞ்சு போகாது. சாப்பிட்ட அரைமணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். சால்மொனெல்லா ஒட்டியிருந்தால் ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாள்வரை கழித்து வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். வாடிக்கையாளர் அப்போது கோழியைத்தான் சந்தேகப்படுவார்.

கையுறையை மாற்றுவதற்கு முன்னால் வேலையின் வரிசையை மாற்றுங்கள். முட்டை உரிப்பது, வெங்காயம் நறுக்குவது, எலுமிச்சை வெட்டுவது எல்லாம் கோழியைத் தொடுவதற்கு முன்பே முடியட்டும். முடிந்ததும் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், வியாபாரத்தின்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுங்கள். கோழி கடைசியில் வரட்டும். இதைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கோழி பிசைவதற்குக் கையுறை அவசியமே இல்லை. அது வேகப்போகிற பொருள். வெறுங்கையால் பிசைந்துவிட்டு, உடனே சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினால் போதும். மிளகாய் எரிகிறது என்று பையன் கையுறை கேட்டால் கொடுங்கள், ஆனால் அண்டா ஏறிய நிமிடமே அது குப்பைக்குப் போக வேண்டும். பிரியாணி அள்ளுவதற்கும் தேவையில்லை, தட்டோ கரண்டியோதான் தொடுகிறது. தோசைக்கல், அடுப்பு, கொதிக்கும் எண்ணெய்ப் பக்கம் கையுறையோடு போகவே கூடாது. மெல்லிய பிளாஸ்டிக் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

இனி சூடு பார்க்காத உணவைக் கை நேரடியாகத் தொடும் இடங்களில் கையுறை போடுங்கள். உங்கள் கடையில் அது முட்டை உரிப்பது, பச்சடி கலப்பது, கொத்தமல்லி தூவுவது, வெங்காயம் எலுமிச்சைத் துண்டுகளைப் பார்சலில் எடுத்து வைப்பது. பார்சல் நேரத்தில் முட்டைக்கு ஒரு இடுக்கி வைத்துவிட்டால் அங்கேயும் கையுறை வேண்டாம். இடுக்கி கையுறையைவிட நம்பகமானது. அதன் பிடி அழுக்கானாலும் முனை முட்டையை மட்டும்தான் தொடும்.

காசு விஷயத்தில் சமரசம் வேண்டாம். கல்லாவில் நீங்கள் உட்காருங்கள், பையன் பார்சல் மட்டும் கட்டட்டும். நீங்கள் இல்லாத நேரத்தில் அவன் ஒருவனே இரண்டையும் பார்க்க வேண்டியிருந்தால், வலது கையில் மட்டும் கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வலது கை உணவுக்கு, இடது கை காசுக்கும் கவருக்கும் போனுக்கும். இரண்டு கையிலும் போட்டால் எது எதற்கு என்று பத்து நிமிடத்தில் மறந்துவிடும். ஒரு கை வெறுமையாக இருந்தால் பார்த்தாலே தெரியும், வாடிக்கையாளருக்கும் தெரியும்.

கையுறை போடும் முறையிலும் நிறையக் கடைகள் தவறு செய்கின்றன. கழுவாத கையால் பெட்டியிலிருந்து உருவினால், உள்ளே நுழைவதற்கு முன்பே விரல்கள் அதன் வெளிப்பக்கத்தை அழுக்காக்கிவிடுகின்றன. அடுத்து வரப்போகும் கையுறையையும் தொட்டுவிடுகின்றன. அதனால் முதலில் சோப்புப் போட்டு 20 விநாடியாவது தேய்த்துக் கழுவ வேண்டும். விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் மூன்றும்தான் எல்லோரும் விட்டுவிடும் இடங்கள். காகிதத் துண்டில் ஈரம் போகத் துடைக்க வேண்டும், தோளில் கிடக்கும் துண்டில் அல்ல. ஈரக் கையில் கையுறை ஏறாது, இழுத்தால் கிழியும். மணிக்கட்டுப் பக்கத்து விளிம்பைப் பிடித்து இழுத்துப் போட வேண்டும். வாயால் ஊதிப் பிரிக்கவே கூடாது. மூக்கிலும் வாயிலும் இருக்கும் கிருமியைக் கையுறையில் பூசுவதற்கு அதைவிட நேரான வழி கிடையாது. பார்சல் கவருக்கும் இதேதான்.

கழற்றும்போது ஒரு கையுறையின் வெளிப்பக்கத்தை மணிக்கட்டருகே கிள்ளி, உட்புறம் வெளியே வரும்படி உரிக்க வேண்டும். அதை மற்ற கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வெறும் விரலை இன்னொரு கையுறையின் உள்ளே நுழைத்து அதையும் அப்படியே உரிக்க வேண்டும். அப்புறம் மறுபடி கை கழுவ வேண்டும். பலர் இதைத் தேவையில்லை என்று நினைக்கிறார்கள். கையுறைக்குள் கை வியர்த்து, சூடாக, ஈரமாக இருக்கிறது. தோலில் இருக்கும் கிருமிகள் அங்கே பெருகுகின்றன. மணிக்கணக்காகப் போட்டிருந்த கையுறையில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தால் அந்த வியர்வை நேராக உணவில் கசியும். ஒரே வேலையைத் தொடர்ந்து செய்தாலும் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிப் பயிற்சிகளில் கற்றுத்தருவது உண்டு. சென்னை, மதுரை வெயிலில் நான் அவ்வளவு நேரம் விடமாட்டேன். உள்ளே வழுவழு என்று ஈரம் தெரிந்தாலே மாற்றிவிட வேண்டும். கையுறையைக் கழுவி மறுபடி பயன்படுத்துவதும், மேலே சானிடைசர் பூசுவதும் வேண்டாம். ஒருமுறைக்கென்று செய்த மெல்லிய பொருள் அது, கண்ணுக்குத் தெரியாமல் நைந்துபோகும்.

நகமும் மோதிரமும் இந்த ஓட்டைக் கதையோடுதான் சேர்கின்றன. கையில் கிருமி அதிகம் தங்கும் இடம் நகத்துக்கு அடியில்தான். அங்கே சோப்பு எளிதில் போகாது. நீண்ட நகம் கையுறையின் விரல்நுனியை உள்ளிருந்து கிழிக்கும். கிழிவதும் அந்த அழுக்கு இருக்கும் இடத்திலேயே நடக்கும். உள்ளங்கையைத் தன் பக்கம் வைத்துப் பார்க்கும்போது விரல்நுனிக்கு மேலே நகம் தெரியக் கூடாது, அதுதான் அளவு. பாலிஷ் உதிர்ந்து உணவில் விழும், அடியில் இருக்கும் அழுக்கையும் மறைக்கும். ஒட்டு நகம் சமையலறைக்குள் வரவே கூடாது.

மோதிரத்துக்கு அடியில் இருக்கும் தோல் கழுவும்போது நனையும், தேய்படாது. கழுவி முடித்தபின் ஈரமும் அங்கேதான் தங்கும். கல் மோதிரம் என்றால் கல்லின் இடுக்கில் மாவும் மசாலாவும் ஏறிக் காய்ந்திருக்கும், கையுறையையும் அது கிழிக்கும். அமெரிக்க உணவு விதித்தொகுப்பு வேலைப்பாடு இல்லாத ஒற்றை வளைய மோதிரத்தை மட்டும் அனுமதிக்கிறது. உங்கள் கடையில் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எதுவும் வேண்டாம். நான் பார்த்தவரை மோதிரத்தைவிடப் பெரிய சிக்கல் மணிக்கட்டில் கட்டும் கயிறு. கோயில் கயிறு, கறுப்புக் கயிறு எல்லாம் கோழித் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு நாள் முழுக்க ஈரமாகவே கிடக்கும். அது கையுறையின் விளிம்புக்கு வெளியே இருப்பதால் கையுறை மாற்றியும் பயனில்லை. நம்பிக்கை சார்ந்த விஷயம், வெட்டச் சொன்னால் மனம் நோகும். முழங்கைக்கு மேலே புஜத்தில் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுப்பு வராது. பெண்கள் வேலைக்கு வந்தால் கண்ணாடி வளையலையும் சொல்ல வேண்டும். உடைந்த துண்டு வெங்காயத்தில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது.

தலைவலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு முடி உணவில் விழுந்தால் அருவருப்பு, நோய் வருவது அபூர்வம். ஆனால் அதற்கு இன்னொரு பயன் இருக்கிறது. தலை மூடியிருந்தால் கை அடிக்கடி முடியைக் கோதப் போகாது. அதனால் வலை, முகக்கவசம் எல்லாம் கை கழுவுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். கையுறை போட்டபின் வலையைச் சரிசெய்தால் அந்தக் கையுறை முடிந்தது. காதுக்கு மேலேயும் பின்கழுத்திலும் முடி வெளியே நிற்கக் கூடாது. பூவும் ஹேர்பின்னும் வலைக்குள்ளே இருந்தாலும் வேண்டாம், பின் நழுவி விழும். மாஸ்டருக்குத் தாடி இருந்தால் அதற்கும் மூடி வேண்டும்.

எந்தக் கையுறை வாங்குவது? முட்டை உரிப்பது போன்ற ஐந்து பத்து நிமிட வேலைக்குத் தொளதொளவென்று இருக்கும் பாலித்தீன் கையுறையே போதும். விலை குறைவு என்பதால் கழற்றிப் போட மனம் வரும், அது பெரிய நன்மை. பிசைவதற்கும் நறுக்குவதற்கும் நீல நிற நைட்ரைல் கையுறை நல்லது. உணவில் நீல நிறம் அநேகமாகக் கிடையாது, துண்டு கிழிந்து விழுந்தால் பளிச்சென்று தெரியும். லேடெக்ஸ் வேண்டாம். அதிலிருக்கும் புரதம் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும், உணவு வழியாக வாடிக்கையாளருக்கும் போகலாம். பெட்டியில் உணவுக்கு ஏற்றது என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். பெட்டியைக் கோழி வெட்டும் மேடைக்கு மேலே மாட்டாமல், கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.

எல்லாவற்றையும் வாயால் சொன்னால் பையன் தலையாட்டுவான், அவ்வளவுதான். காட்டிப் புரியவைக்க ஒரு வழி இருக்கிறது. கடை விடுமுறை நாளில் அவன் கையுறையில் எண்ணெயில் குழைத்த மஞ்சள் தூளைத் தடவுங்கள். அதுதான் கோழித் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல ஒரு அலசு அலசித் துண்டில் துடைத்துவிட்டு நாலு முட்டை உரிக்கட்டும், ஃபிரிட்ஜ் திறக்கட்டும், பார்சல் கட்டட்டும். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். மஞ்சள் அந்த ஒளியில் பச்சையும் மஞ்சளுமாக ஒளிரும். முட்டை, கைப்பிடி, கவர், அவன் மூக்கு நுனி என்று எங்கெல்லாம் போயிருக்கிறது என்று அவனே எண்ணிச் சொல்வான். அந்த முட்டைகளை மட்டும் விற்கப் போடாதீர்கள்.

அலுவலர் கேட்பது வேறு, நான் சொல்வது வேறு என்று குழம்ப வேண்டாம். 2011ஆம் ஆண்டு உரிம விதிமுறைகளின் நான்காம் அட்டவணை, ஊழியர்களுக்குச் சுத்தமான மேலுடை, தலைமூடி, முகக்கவசம், கையுறை எல்லாம் உரிமையாளர் வாங்கித் தர வேண்டும் என்கிறது. நகம் வெட்டியிருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்கிறது. கையுறைப் பெட்டியும், பக்கத்தில் சோப்பும் குழாய்த் தண்ணீரும் இருந்து, எந்த வேலைக்கு எப்போது மாற்றுகிறோம் என்று பையன் வாயாலேயே சொன்னால் அவருக்கும் திருப்திதான். கையுறை கட்டாயமா என்ற விவாதம் வெளிநாட்டிலும் நடந்தது. கலிஃபோர்னியாவில் 2014 ஜனவரியில், உடனே சாப்பிடும் உணவை வெறுங்கையால் தொடக் கூடாது என்று சட்டம் வந்தது. சமையல்காரர்களும் மதுக்கூட ஊழியர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். கையுறை போட்டவன் கழுவ மறக்கிறான் என்பது அவர்களின் வாதங்களில் ஒன்று. அதே ஆண்டு ஜூனிலேயே அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

கடைசியாக, கையுறை எதையெல்லாம் காப்பாற்றாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விரலில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீர் புகாத நீல நிறப் பிளாஸ்டர் ஒட்டி, அதன்மேல் கையுறை போட்டு வேலை செய்யலாம். சீழ் வைத்திருந்தால் ஆறும்வரை கல்லாவுக்கோ பாத்திரம் எடுத்து வைக்கவோ மாற்றிவிடுங்கள், உணவுப் பக்கம் வேண்டாம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் எத்தனை கையுறை போட்டாலும் பயனில்லை, கடைக்கே வரக் கூடாது. நோரோ வைரஸ் மிகச் சில துகள்களே போதும் என்ற அளவுக்குத் தொற்றக்கூடியது. நின்றபிறகும் முழுதாக 48 மணி நேரம் வீட்டில் இருக்கட்டும். அந்த இரண்டு நாள் சம்பளத்தை மட்டும் பிடிக்காதீர்கள். ஒருமுறை பிடித்தால், அடுத்த தடவை வயிறு சரியில்லை என்பதை உங்களிடம் சொல்லாமல் கையுறையை மாட்டிக்கொண்டு வந்து நிற்பான்.